பச்சை விளக்கு எரிந்த வரிசை

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளே இல்லாமல் போய்விட்டது. மருந்தகத்திலிருந்து சமையற்கூடம் வரைக்கும் எல்லோருக்கும் அவள் சிக்னல் அக்கா. மாதம் ஒரு முறை தலைமை நிர்வாகியின் மேசைக்குப் போகும் அந்த ஒற்றைத் தாளைத் தயாரிப்பவள் என்பதால் வந்த பெயர் அது.

ஒரே பக்கம்தான். துறைக்கு ஒரு வரிசை. இந்த மாதம் வரைக்கும் எவ்வளவு செலவழிக்கலாம் என்று திட்டம் போட்டார்கள், எவ்வளவு செலவழித்தார்கள், இந்தப் போக்கில் போனால் ஆண்டு முடிவில் எங்கே போய் நிற்பார்கள், அனுமதித்த பணியிடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை. கடைசிக் கட்டத்தில் ஒரு வட்டம். திட்டத்துக்குள் இருந்தாலோ ஒரு நூலிழை தாண்டினாலோ பச்சை. கொஞ்சம் தாண்டினால் மஞ்சள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போய்விட்டால் சிவப்பு. பெரிய மேடம் என்று எல்லோரும் சொல்லும் தலைமை நிர்வாகி ஒரு பக்கத்துக்கு மேல் எதையும் படிக்கமாட்டார். படிக்கத் தெரியாமல் இல்லை. அவருக்கு நேரம் அப்படி. அதிலும் அவர் கண் நேராக வட்டத்துக்குத்தான் போகும். சிவப்பு இருந்தால் அந்த வரிசையைப் படிப்பார், பச்சையென்றால் தாண்டிப் போய்விடுவார். அப்படித் தாண்டிப் போவதற்காகத்தானே வட்டமே போட்டது!

சிவப்பு வாங்கிய துறை கீழே இரண்டு பெட்டிகளை நிரப்ப வேண்டும். ஒன்று காரணம், இன்னொன்று நடவடிக்கை. இந்த இரண்டாவது பெட்டி விஷயத்தில் சிக்னல் அக்கா பொல்லாதவள். எந்தத் துறைத் தலைவராவது ‘கண்காணித்து வருகிறோம்’ என்று எழுதி அனுப்பினால் அடுத்த நிமிடமே திருப்பி அனுப்புவாள். தொலைபேசியிலும் பிடித்துவிடுவாள்.

“கண்காணிக்கிறீங்க, சரி. கண்காணிச்சு என்ன பண்ணப் போறீங்க? யார் பண்ணணும், எப்போ பண்ணணும், மேடம்கிட்ட என்ன வேணும்? அதை எழுதுங்க டாக்டர்.”

பெரிய பெரிய மருத்துவர்களெல்லாம் முனகிக்கொண்டே எழுதித் தருவார்கள். அந்த அளவுக்கு மரியாதை இருந்தது. மரியாதை மட்டும்தான் இருந்தது. பேச ஆள் இல்லை.

அவளுடைய பிரிவு நிதித் திட்டமிடல். மொத்தமே இரண்டு பணியிடம். தனிச் செலவுக் கணக்கு இருந்ததால் அந்தத் தாளில் அதற்கும் ஒரு வரிசை உண்டு, பெரிய துறைகளுக்கெல்லாம் கீழே, வாலில் ஒட்டிக்கொண்ட மாதிரி. இரண்டாவது பணியிடத்தில் இருந்தவளுக்கு வாயாடி என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. காலையில் பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவாள். பேருந்தில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், மாமியார் என்ன சொன்னார், வீட்டுக்காரர் என்ன சொல்லவில்லை, எல்லாம் வரும். சிக்னல் அக்கா திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “கொஞ்சம் வாயை மூடுறியா, எனக்குக் கூட்டல் தப்புது” என்பாள். அவள் மூடமாட்டாள். கூட்டலும் தப்பியதில்லை.

போன வருடம் வாயாடியின் கணவருக்கு வேறு ஊரில் வேலை மாறியது. அவளும் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் சிக்னல் அக்காவுக்கு அந்த அறை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. குளிர்சாதனம் ஓடுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் காலமாகி வருடங்களாகிவிட்டன. மகள் கடல் தாண்டிப் படிக்கப் போனவள் அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டாள். இங்கே விடியும்போது அங்கே தூங்கப் போகிற நேரம். “எப்படிம்மா இருக்கே?” என்று கேட்பாள். “எனக்கென்னடி, நல்லா இருக்கேன்” என்பாள் இவள். வேறு என்ன சொல்வது? தூங்கப் போகிற பிள்ளையிடம் போய் அழ முடியுமா? ஆக, காலையில் மகளிடம் நான்கு வார்த்தை, பகலில் தொலைபேசியில் துறைத் தலைவர்களோடு சண்டை, சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் மறுநாள் வரைக்கும் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. மனுஷி கல்லா என்ன? அவளுக்கு அந்த இரண்டாவது ஆள் வேண்டும். வேலைக்காக மட்டுமில்லை, எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து மாமியாரைத் திட்ட வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆள் எடுக்க அனுமதி வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். தலைமை நிர்வாகி கையெழுத்துப் போட்டால் ஒழிய எந்தக் காலியிடமும் நிரம்பாது.

அவளைப் பார்க்க வருகிற ஒரே ஆள் ஸ்பேனர். மருத்துவக் கருவிகள் பராமரிப்புக்குத் தலைவர் அவர். தலைவர் என்றாலும் சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது திருகாணி கிடக்கும். இவளைவிட வயதில் சின்னவர். தேநீர் குடிக்க வருகிற சாக்கில் வந்து தன் துறையைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போவார். நிதியாண்டின் ஒன்பதாவது மாதம் ஆரம்பித்தபோதும் அப்படித்தான் வந்தார்.

“அக்கா, என் துறையில மூணு இடம் காலி. இருக்கிறவங்க ராப்பகலா ஓடுறாங்க. ஒருத்தன் லீவு கேட்டா அவன் வேலையை நானே பாக்கிறேன். உங்க தாள்ல பாத்தா என் துறை ஜொலிக்குது. பச்சைப் பசேல்னு.”

“செலவு கம்மியா இருந்தா பச்சைதானே தம்பி.”

“ஆள் இல்லாம செலவு எப்படிக்கா ஆகும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சிக்னல் அக்கா திரையில் அந்தத் தாளைத் திறந்து வட்டங்களைத் திரும்பப் பார்த்தாள். அந்த வட்டத்துக்கு விதி எழுதியது அவள்தான். திட்டத்தைத் தாண்டினால் மட்டும் நிறம் மாறும்படி எழுதியிருந்தாள். கீழே எவ்வளவு விழுந்தாலும் பச்சை. ஆள் இல்லாமல், வேலை நடக்காமல், வாங்க வேண்டியதை வாங்காமல் கிடக்கிற துறையும் பச்சை. ஒழுங்காக நடக்கிற துறையும் பச்சை. அந்தத் தாளிலேயே கரும்பச்சையாக மின்னிய வரிசை எது தெரியுமா? அவளுடையதுதான். இரண்டு சம்பளத்துக்குத் திட்டம், ஒரு சம்பளம் செலவு. போன மாதம்கூடப் பெரிய மேடம் அந்த வரிசையைக் காட்டி, “பாருங்க, கணக்குப் பாக்கிறவங்களே எவ்வளவு சிக்கனமா இருக்காங்க” என்று கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தாள்.

அடுத்த ஆண்டுத் திட்டத்தை அந்த மாதம்தான் முடிவு செய்யப் போகிறார்கள். ஆண்டு முழுக்கக் காலியாகக் கிடந்த இடத்தை யாரும் கேட்காவிட்டால் அது சத்தமில்லாமல் போய்விடும். இதுவும் அவளுக்குத் தெரியும். அந்த விதியைச் சுற்றறிக்கையாகத் தட்டச்சு செய்ததே அவள்தான். இந்த மாதத் தாளில் அவளுடைய வரிசை மேடத்தின் கண்ணில் பட்டால் உண்டு. பச்சையாக இருந்தால் கண்ணில் படாது. அழுத பிள்ளைக்குத்தானே பால்!

நிதி இயக்குநரிடம் போனாள். நல்ல மனிதர்தான். சண்டைக்கு மட்டும் வரமாட்டார்.

“சார், விதியை ரெண்டு பக்கமும் மாத்திடலாம். திட்டத்துக்கு மேல போனாலும் சிவப்பு, ரொம்பக் கீழ போனாலும் சிவப்பு. பக்கத்துல ஒரு அம்புக்குறி போட்டுட்டா மேலயா கீழயான்னு தெரிஞ்சிடும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போ நம்ம வரிசையே சிவப்பாயிடுமேம்மா?”

“ஆமா சார். ஆள் இல்லைன்னு அப்பவாவது தெரியும்.”

“எனக்கும் ஆசைதான். ஆனா நான் போய் ஆள் கேட்டா, ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்றவர் தன் வீட்டுக்கு மட்டும் கேக்கிறாருன்னு பேசுவாங்க. விதியை மாத்துங்க, நான் ஒப்புதல் தரேன். கேக்கிறதை நீங்களே கேளுங்க. உங்க பிரிவு, நீங்க சொன்னா நிக்கும்.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மாதக் கணக்கு முடிந்து எண்கள் வந்து விழுந்ததும் விதியை மாற்றினாள். வட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. ஆய்வுக்கூடம் பச்சையாகவே நின்றது. ஸ்பேனரின் துறை சிவந்தது. வாலில் இருந்த அவளுடைய வரிசையும் சிவந்தது. ஒரு சிவப்பைப் பார்த்து அவள் மனம் குளிர்ந்தது அதுதான் முதல் தடவை. புதிதாக ஒரு பெண் வருவாள், அவளுக்கு எதை முதலில் சொல்லித் தருவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

ஸ்பேனர் தன் பெட்டிகளை நிரப்பி அனுப்பினார். காரணம்: மூன்று தொழில்நுட்பர் பணியிடம் காலி. நடவடிக்கை: இரண்டு பேரை இந்த மாதமே எடுக்கத் தலைமை நிர்வாகி அனுமதி தேவை, இல்லாவிட்டால் டயாலிசிஸ் இயந்திரங்களின் பராமரிப்பு நாள் தவறும். திருப்பி அனுப்ப ஒரு எழுத்துகூட இல்லை. நாம் கற்றுக்கொடுத்த பிள்ளை என்று சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் தன்னுடைய வரிசைக்கு வந்தாள். காரணம் என்ற பெட்டியில் ‘ஒரு பணியிடம் காலி’ என்று எழுதினாள். நடவடிக்கை என்ற பெட்டியில் கை நின்றுவிட்டது. ‘எனக்கு ஓர் ஆள் வேண்டும்’ என்பதை எப்படி எழுதுவது? அனுமதி தேவை என்று எழுதினாள். அதிகாரமாகப் பேசுகிற மாதிரி இருந்தது. அழித்தாள். வேலைப்பளு அதிகம் என்று எழுதினாள். வேலை தெரியாதவள் மாதிரி இருந்தது. அதையும் அழித்தாள். பிறந்த நாளிலிருந்து எதையும் எனக்குக் கொடு என்று கேட்டுப் பழகாத ஜென்மம். புகுந்த வீட்டில் இன்னொரு கரண்டி சோறுகூடக் கேட்டதில்லை, அவர்களாகப் பார்த்துப் போட்டால்தான். கடைசியில் ‘கவனத்துக்கு’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அனுப்பிவிட்டாள்.

அடப் பாவமே! வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் அந்தத் தாள் அவள் அறையைத் தாண்டியிருக்குமா? இத்தனை வருடத்தில் எத்தனை பேரைப் பிடித்து உலுக்கியிருப்பாள்! தன் வரிசையைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மேலே ஒரு சிக்னல் அக்கா இல்லை. சிவப்பே போதும், பார்த்ததும் புரிந்துகொள்வார்கள் என்று நம்பிவிட்டாள்.

கூட்டம் நடந்தது. நீள மேசையைச் சுற்றித் துறைத் தலைவர்கள். சுவரில் அந்த ஒற்றைப் பக்கம். அதை நகர்த்துவதற்காக ஓரத்தில் கணினியோடு சிக்னல் அக்கா.

“இந்த மாசம் சிவப்பு ஜாஸ்தியா இருக்கே?” என்றார் பெரிய மேடம்.

நிதி இயக்குநர் அம்புக்குறியைக் காட்டி விளக்கினார். மேடம் கேட்டுக்கொண்டார். “நல்ல யோசனை. இவ்வளவு நாள் இதைப் பாக்காம விட்டிருக்கோம்” என்றார்.

கருவிகள் பராமரிப்பு வரிசைக்கு வந்ததும் ஸ்பேனர் முன்னால் சாய்ந்தார். “மேடம், என்னால முடியல. உண்மையைச் சொல்றேன். இப்படியே போனா ஒரு நாள் மெஷின் நின்னுடும், நோயாளி படுத்திருப்பார், நான் கையைப் பிசைஞ்சிட்டு நிப்பேன்.”

“மூணு பேருமா வேணும்?”

“ரெண்டு பேர் குடுங்க, சமாளிச்சிடறேன்.”

“ரெண்டு பேரை எடுங்க. மூணாவது இடத்தை அடுத்த வருஷம் பாக்கலாம்.” மேடம் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு வாய்த் தேநீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

மேடத்தின் பார்வை கீழே இறங்கி வாலில் நின்றது.

“நிதித் திட்டமிடல். ஒரு இடம் காலி. நடவடிக்கை, கவனத்துக்கு.” வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “கவனத்துக்குன்னா?”

நிதி இயக்குநர் சிக்னல் அக்காவைப் பார்த்தார். கேளும்மா என்கிற பார்வை. மேடமும் அவளைப் பார்த்தார்.

“ஒரு வருஷமா நீங்க ஒருத்தரேவா இதெல்லாம் பண்றீங்க?”

“ஆமா மேடம்.”

“ஒரு மாசம்கூட இது லேட்டா வரலையே. ஒரு நம்பர்கூடத் தப்பா இருந்ததில்ல.”

“இல்ல மேடம்.”

மேடம் பேனாவை வைத்தார். குரல் தணிந்தது. “சிரமமா இருக்கா?”

கேட்டுவிட்டார். மனிதர்கள் நிறைந்த அறையில், இத்தனை பேருக்கு நடுவே, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டுவிட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்பேனர் கண்ணாலேயே சொல்லுங்கக்கா சொல்லுங்கக்கா என்று கெஞ்சினார். சிக்னல் அக்காவுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது வந்த இடத்திலேயே நின்றது.

“அதெல்லாம் இல்ல மேடம். பழகிடுச்சு.”

சிரித்துக்கொண்டேகூடச் சொன்னாள். அந்தச் சிரிப்பை யார் கேட்டார்கள்!

“உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா எனக்குக் கவலையே இல்ல” என்றார் மேடம். மனதாரத்தான் சொன்னார். “அப்போ அந்த இடத்தை எதுக்குச் சும்மா வெச்சிருக்கணும்? செலவாகாத தொகையையும் மிச்ச மாசத்துக்கு உள்ளதையும் எடுத்துப் பொது இருப்புல போட்டுடுங்க. அடுத்த வருஷத் திட்டத்துலயும் வேண்டாம். இல்லைன்னா மாசாமாசம் இந்த வரிசை சும்மா சிவப்பு காட்டிட்டே இருக்கும்.”

நிதி இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிக்னல் அக்கா, “சரிங்க மேடம்” என்றாள். அடுத்த வரிசைக்குத் தாளை நகர்த்தப் போனாள். அடுத்த வரிசை இல்லை. அதுதான் கடைசி.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது ஸ்பேனர் பின்னாலேயே ஓடி வந்தார்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? கேட்டாங்களே. வாயைத் திறந்து கேட்டாங்களே!”

“கேட்டாங்க.”

“சிரமம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எங்களையெல்லாம் அந்தப் பெட்டிக்காக எப்படித் துளைச்சு எடுப்பீங்க.”

“உனக்கு ரெண்டு பேர் கிடைச்சாங்கல்ல. போ தம்பி, போய் நல்ல ஆளாப் பாத்து எடு.”

கோபமா இரக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. மடமடவென்று படி இறங்கிப் போய்விட்டார். புது ஆட்களை எடுத்து வேலை பழக்குகிற மும்முரத்தில் அந்த மாதம் முழுக்கத் தேநீருக்கு வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் துறையில் இப்போது பேச்சும் சத்தமுமாக இருந்தது. மருந்தகத்துப் பக்கம் போகும்போது அவளுக்கே கேட்டது.

அடுத்த மாதக் கணக்கு முடிந்தது. எண்களை இறக்கினாள். திருத்திய திட்டத்தைப் பதிவது அவள் வேலைதான், வேறு யார் இருக்கிறார்கள்? பணியிடம் இரண்டு என்று இருந்ததை ஒன்று என்று மாற்றினாள். ஒரு சம்பளத் தொகையை ஆண்டு ஆரம்பத்திலிருந்து கழித்துப் பொது இருப்புக்குக் கொண்டுபோனாள். திட்டமும் செலவும் ஏறக்குறைய ஒட்டி வந்து நின்றன. வாலில் இருந்த வட்டம் பச்சையானது. இந்தத் தடவை குறை சொல்லவே முடியாத பச்சை. ஒருவருக்குத் திட்டம், ஒருவர் இருக்கிறார். காரணம் எழுத வேண்டாம், நடவடிக்கை எழுத வேண்டாம். இனி எந்த மாதமும் யாரும் அந்த வரிசையைப் படிக்கப் போவதில்லை.

தாளை அனுப்பினாள். சாயங்கால வெயில் மேசை வரைக்கும் வந்திருந்தது. வெளியே ஆட்கள் ஷிப்ட் மாறிப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அடக்கவில்லை, யாருக்காக அடக்க வேண்டும்?

“சிரமமாத்தான் இருக்கு மேடம்” என்றாள். அறை முழுக்கக் கேட்கும்படி, வாய்விட்டே சொன்னாள். “ரொம்பச் சிரமமா இருக்கு. பேச ஆள் இல்ல. எனக்கு ஒரு ஆள் வேணும்.”

கதவு திறந்தது. தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் தலையை உள்ளே நீட்டினாள்.

“கூப்பிட்டீங்களாக்கா? ஏதாச்சும் வேணுமா?”

சிக்னல் அக்கா சட்டென்று முகத்தைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இல்லம்மா. ஒண்ணும் வேண்டாம். நீ உன் வேலையைப் பாரு.”

அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.